சிரித்துச் சொன்னால் வலிக்காதா?

கடன் கேட்டு வருகிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்பது, கடை வைக்கப் போகிறவனுக்கு எங்கள் கீரனூர்ப் பக்கத்தில் மூத்தவர்கள் தவறாமல் சொல்லும் புத்திமதி. “மூஞ்சிய நீட்டி இல்லேன்னு சொல்லாத. சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் சொல்லி அனுப்பு. அவருக்கும் வலிக்காது, உனக்கும் பகை வராது.” கடைக்காரர்களோடு இது நிற்பதில்லை. விடுப்பை மறுக்கும் மேலாளர், நன்கொடை நோட்டோடு வாசலில் நிற்கும் திருவிழாக் குழுவைச் சமாளிக்கும் வீட்டுக்காரர், கைமாற்றுக் கேட்கும் உறவினரிடம் நழுவுகிறவர் என்று எல்லோரும் இதையே நம்பி நடக்கிறார்கள். சிரிக்கச் சிரிக்க மறுக்கத் தெரிந்தவரை ‘மனுசங்களத் தெரிஞ்ச ஆளு’ என்று ஊர் பாராட்டவும் செய்கிறது.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய் என்பதே என் வாதம். நகைச்சுவை மறுப்பை மென்மையாக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அவை நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. எந்த இடத்தில் மென்மை அவசியமோ, அதாவது கேட்பவர் இக்கட்டில் நின்று கேட்கிறாரோ, அந்த இடத்தில்தான் சிரிப்பு மறுப்பைவிட மோசமாகக் குத்துகிறது.

மறுதரப்பு முதல் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவது டீக்கடைப் பலகையை. “இன்று ரொக்கம், நாளை கடன்.” திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் எந்த ஊரில் இறங்கி டீ குடித்தாலும் இப்படி ஒரு வாசகத்தையோ, ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற அதன் அண்ணனையோ பார்த்துவிடலாம். இத்தனை காலமாக யாரும் அந்தப் பலகையோடு சண்டைக்குப் போனதில்லை. ஆகவே சிரிப்போடு மறுத்தால் நோகாது என்கிறார்கள்.

பலகை நோகடிக்கவில்லை என்பது சரி. அதற்குக் காரணம் சிரிப்பு என்பதுதான் தவறு. அந்தப் பலகை நாம் கேட்பதற்கு முன்பே பேசிவிடுகிறது. கையில் காசில்லாதவர் அதைப் படித்துவிட்டு, கேட்காமலேயே, வேறு வேலையாக வந்தவர்போல நகர்ந்துவிடலாம். அவர் கேட்க நினைத்தார் என்பதே யாருக்கும் தெரியாது. தவிர, பலகை எவரையும் பார்த்துப் பேசுவதில்லை. வட்டாட்சியருக்கும் அதே வாசகம்தான், வண்டிக்காரருக்கும் அதே வாசகம்தான். இந்த இரண்டும்தான் அதை மென்மையாக்குகின்றன. சந்தேகமிருந்தால் அதில் உள்ள சிரிப்பை எடுத்துவிட்டு ‘கடன் இல்லை’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். கொஞ்சம் வறண்டு போகும், யாருக்கும் வலிக்காது. இனி அதே வேடிக்கையான வாசகத்தை வாய்க்கு மாற்றிப் பாருங்கள். ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டு முடித்தபின், நாலு பேருக்கு நடுவே, “அதான் போர்டு போட்டிருக்கே, நாளைக்கு வாங்க” என்று சிரித்துச் சொல்லுங்கள். வாசகம் மாறவில்லை. ஆனால் அவர் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரமாட்டார்.

ஒரு நிகழ்வை விவரமாக எடுத்துக்கொள்வோம். நான் கற்பித்துச் சொல்வது என்றாலும், உரக்கடைக் கல்லாவில் அரைநாள் உட்கார்ந்தவர்கள் இதன் ஒவ்வொரு கட்டத்தையும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எங்கள் குளத்தூர் வட்டம் பெரும்பாலும் வானத்தையும் கண்மாயையும் நம்பிய பூமி. மழை விழுந்து கண்மாயில் தண்ணீர் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வயலில் இறங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உரம் வேண்டும். அப்படி ஒரு காலையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கடைக்கு வருகிறார். கூட்டம் இருக்கிறது. அவர் ஓரமாக நிற்கிறார். தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே விடுகிறார். கூட்டம் இரண்டு மூன்று பேராகக் குறைந்ததும் கல்லாவருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். டிஏபி ஒரு மூட்டை, யூரியா இரண்டு மூட்டை, தை அறுப்பில் பணம். டிஏபி ஐம்பது கிலோ மூட்டை 1,350 ரூபாய், யூரியா நாற்பத்தைந்து கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் 1,883 ரூபாய். போன பட்டத்துப் பாக்கி வேறு நோட்டில் நிற்கிறது.

கடைக்காரர் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறார். யூரியா விலையை அரசு கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு மூட்டையில் அவருக்கு இருபது ரூபாய்கூட நிற்காது. மூன்று மாதம் கடனில் விட்டால் அந்த லாபத்தை வட்டியே தின்றுவிடும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, நியாயமும் உண்டு. மூத்தவர்கள் சொன்ன புத்திமதி நினைவுக்கு வருகிறது. சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “என்ன மாமா, பழைய பாக்கிக்கே இன்னும் காதுகுத்து முடியல, அதுக்குள்ள புதுசுக்குக் கல்யாணம் பேச வந்துட்டீங்க?”

நல்ல நகைச்சுவைதான். நின்றிருந்த இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கேட்டவரும் சிரிக்கிறார். “சரிதான் மாப்ள” என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். மனம் நோகாமல் அனுப்பிவிட்டோம் என்று கடைக்காரர் நிம்மதியாக அடுத்த ஆளைக் கவனிக்கிறார்.

என்ன நடந்தது என்று இப்போது கணக்குப் பாருங்கள். அவர் காத்திருந்து, ஆள் குறைந்தபின் மெதுவாகக் கேட்டதே தன் நிலைமை வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. அந்தக் காதுகுத்துப் பேச்சு அவருடைய பழைய பாக்கியை அங்கிருந்த இருவருக்கும் அறிவித்துவிட்டது. வெறும் ‘இல்லை’ அதைச் செய்திருக்காது. அவர் சிரித்தது வேடிக்கைக்காகவும் இல்லை. சிரிக்காவிட்டால் முகம் விழுந்ததும் தெரிந்துவிடும் என்பதற்காகச் சிரித்தார். மறுக்கப்பட்ட சுமையோடு, மறுத்தவரைச் சங்கடப்படாமல் காப்பாற்றும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. அதோடு, பதிலும் கிடைக்கவில்லை. பழைய பாக்கியைக் கட்டினால் புதுச் சரக்கு உண்டா? பாதி கட்டினால்? டிஏபி மட்டுமாவது உண்டா? சிரிப்பில் அத்தனையும் மூடிப்போயிற்று. டிஏபி கடைசி உழவில் போட வேண்டிய அடியுரம். நடவு முடிந்தபின் அதை அப்படிப் போட முடியாது. அவருக்கு அன்று தேவைப்பட்டது தெளிவான ஒரு சொல். அது கிடைத்திருந்தால் அன்றைக்கே வேறு கடைக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, மைத்துனரிடமோ போயிருப்பார்.

புண்பட்டதைக் கடைக்காரர் எப்படித் தெரிந்துகொள்வது? முகச் சிரிப்பு சாட்சியாகாது. அடையாளங்கள் வேறு. சிரித்தவர் பதிலுக்கு ஒரு கேலி சொன்னாரா? இல்லை. தான் கேட்டதை இன்னொரு விதமாகக் கேட்டுப் பேரம் பேசினாரா? அதுவும் இல்லை. சிரித்த கையோடு கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் பூச்சிமருந்து வேண்டியிருக்கும்போது கையில் காசோடு வேறு கடைக்குப் போவார். பழைய பாக்கி தைக்கு வராமல் சித்திரைக்கு வரும். அதையும் தானே கொண்டுவராமல் மகனிடம் கொடுத்தனுப்புவார். கடைக்காரரோ, “அவரை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, ஏன் வரமாட்டேங்கிறாரு?” என்று வியந்துகொண்டிருப்பார்.

இந்த வியப்பு நடிப்பல்ல என்பதுதான் சிக்கல். கேலி செய்கிறவருக்குத் தன் உள்நோக்கம் தெரியும்: நான் விளையாட்டாகச் சொன்னேன், மனதில் ஒன்றுமில்லை. கேட்பவருக்கு அந்த உள்நோக்கம் தெரியாது. காதில் விழுந்த சொல் மட்டுமே தெரியும். ஜஸ்டின் க்ரூகர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கேலி செய்தவர்கள் தங்கள் கேலி எவ்வளவு நோகடித்திருக்கும் என்று குறைத்தே மதிப்பிட்டார்கள். ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்ற எண்ணம் அவர்கள் மனதில் இருந்ததே தவிர எதிராளியைப் போய்ச் சேரவில்லை. ஆகவே ‘நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்’ என்ற வாக்குமூலம் சொன்னவரின் மனநிலைக்குத்தான் சான்று. கேட்டவருக்கு வலித்ததா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. திருவள்ளுவர் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார். பண்புடைமை அதிகாரத்தில் 995ஆம் குறள், விளையாட்டில்கூட இகழ்ச்சி துன்பம் தருவது என்கிறது.

மறுதரப்பில் படித்தவர்கள் இன்னொரு சாட்சியைக் கொண்டுவருவார்கள். பணிவுப் பேச்சைப் பற்றிய மொழியியல் நூல்களில் நகைச்சுவை ஒரு உத்தியாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதி 1978இல் வெளிவந்து, 1987இல் தனி நூலான ஆய்வு இத்துறையின் அடிப்படை நூல். அதற்கான தரவுகளில் ஒரு பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பதிவான தமிழ்ப் பேச்சு. ஆகவே ‘வெள்ளைக்காரன் கணக்கு நமக்குப் பொருந்தாது’ என்று நான் ஒதுக்கப்போவதில்லை. அந்த நூல் சொல்வதை முழுக்கப் படித்தால் அது என் பக்கம்தான் நிற்கிறது.

அவர்கள் கணக்கில் ஒரு சொல்லின் கனத்தை மூன்று சேர்ந்து தீர்மானிக்கின்றன: இருவருக்கும் இடையே உள்ள தூரம், ஒருவர்மேல் மற்றவருக்கு உள்ள அதிகாரம், அந்தக் காரியம் அந்தச் சமூகத்தில் எவ்வளவு பெரியது என்பது. வேடிக்கைப் பேச்சை அவர்கள் நெருக்கம் காட்டும் உத்திகளோடு வைத்தார்கள். இருவருக்கும் பொதுவான அறிவும் மதிப்பும் இருந்தால்தான் அது வேலை செய்யும். கனம் குறைந்த காரியத்துக்கே அது பொருந்தும். கனம் ஏற ஏற, மனிதர்கள் தாமாகவே விலகி நின்று, மரியாதையோடு, தயக்கத்தோடு பேசும் முறைக்கு மாறுகிறார்கள். நம் உரக்கடையில் தூரமும் காரியமும் கனமாக இருக்கின்றன. வியாபார உறவுக்குரிய தூரம் இருக்கிறது. கேட்ட காரியமோ ஒரு பட்டத்து விளைச்சல். லேசான காரியத்துக்குரிய கருவியை மிகக் கனமான காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டு, நூல் சொல்லியிருக்கிறது என்று சமாதானம் சொல்ல முடியாது.

“மாமா என்று உறவு சொல்லித்தானே பேசினார்? மாமன் மச்சானுக்குள் கேலி இல்லாமலா?” என்று கேட்கலாம். சரியான கேள்வி. நம் வழக்கத்தில் கேலிக்கு முறை உண்டு. மாமன் மகன், அத்தை மகன், மச்சான், கொழுந்தியாள் ஆகியோரிடம் கேலி பேசலாம். பேசாவிட்டால்தான் என்னவோ ஏதோ என்பார்கள். சம்பந்தியிடம் பேசக்கூடாது. மருமகள் மாமனாரிடம் பேசுவதை நினைத்தும் பார்க்க முடியாது. இத்தகைய உறவுகளைப் பற்றி 1940இல் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கேலி செய்யப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அத்தகைய உறவின் விதி என்றார். பல உறவுகளில் இருவருமே ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள் என்பதையும், ஒருவர் மட்டுமே கேலி செய்ய மற்றவர் தாங்கிக்கொள்ளும் வகையும் உண்டு என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார்.

என் வாதத்தின் மையம் இந்த இடத்தில் இருக்கிறது. மறுக்கப்பட்டவருக்கு அதே இடத்தில், அதே சூட்டோடு திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா? இருந்தால் கேலி மறுப்பை மென்மையாக்கும். உண்மையான மச்சான் அதே கடைக்கு வந்து கடன் கேட்டு, அதே காதுகுத்துப் பதிலைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “உன் கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கின கடனே இன்னும் நிக்குது, நீ என் பாக்கியப் பேச வந்துட்ட” என்று ஒரு போடு போட்டிருப்பார். கடை முழுக்கக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு அடி, கணக்கு நேர். அதன்பின் “சரி, டிஏபி மட்டும் எடுத்துக்க” என்று பேச்சு காரியத்துக்குத் திரும்பியிருக்கும். உரக்கடைக்கு வந்த பெரியவருக்கோ ‘மாமா’ என்பது மரியாதைக்கு வைத்த பெயர். அந்தப் பெயரின் பலத்தில் கடைக்காரர் கேலி செய்யலாம். கடன் கேட்டு நிற்கும் பெரியவர் திருப்பிச் செய்ய முடியாது. முறையைச் சொல்லி அழைத்துவிட்டு, முறைக்குரிய உரிமையை ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்ட பேச்சு அது.

இதே அளவுகோலால் அலுவலகத்தையும் அளக்கலாம். முதியோர் உதவித்தொகை மனு என்னாயிற்று என்று கேட்டு வந்த ஒரு மூதாட்டியிடம், மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் ‘வரும், ஆனா வராது’ என்று சினிமா வசனம் சொல்லிச் சிரிக்கிறார். பக்கத்து மேசைகளும் சிரிக்கின்றன. அந்த அம்மாவுக்கு அந்தப் படம் தெரியாது; மனு நிராகரிக்கப்பட்டதா, நிலுவையில் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. கீழேயிருந்து மேலே போகும் கேலி வேறு வகை. ஒரு பெரிய விவசாயி களையெடுக்க ஆள் கூப்பிடுகிறார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண், “நீங்க கூப்பிடுறதுக்கு முந்தியே கண்மாய் எங்களக் கூப்பிட்டுருச்சுங்கய்யா” என்கிறார். அவரால் ‘வரமாட்டேன்’ என்று வெறுமனே சொல்ல முடியாது; நாளைக்கும் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரலாம். இங்கே சிரிப்பு அவருக்குக் கவசம். அந்த விவசாயி கோபித்துக்கொள்ளவும் சிரித்துக்கொள்ளவும் சுதந்திரம் உள்ளவர். திருப்பிச் சொல்லும் உரிமை அவரிடம் தாராளமாக இருக்கிறது. ஒரே வகைக் கேலி, எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்துக் கவசமாகவும் கத்தியாகவும் ஆகிறது.

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சும். “நம்மூரில் நேராக இல்லை என்று சொல்ல முடியுமா? அது பண்பாடா?” என்பார்கள். நேராகச் சொல்லாமலே நோகாமல் மறுக்கும் வழிகளை நம் ஊர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. அவற்றில் கனமானவை எதிலும் சிரிப்பு இல்லை. பெண் கேட்டு வந்த வீட்டாருக்கு மறுப்பதைவிடக் கனமான மறுப்பு கிராமத்தில் கிடையாது. அதற்கு என்ன சொல்கிறோம்? “ஜாதகம் சேரல” என்கிறோம். அல்லது “கோயில்ல பூப்போட்டுப் பார்த்தோம், உத்தரவு வரல” என்கிறோம். எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் பழி ஒரு கிரகத்தின் மீதோ சாமியின் மீதோ போய்விடுகிறது; மாப்பிள்ளை வீட்டார் தலை நிமிர்ந்து திரும்பிப் போகலாம். பெண் கேட்டு வந்தவர்களிடம் யாராவது சிலேடை பேசி மறுத்தால் இரண்டு தலைமுறைக்குப் பகை. எந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பது நமக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கடன் கேட்டு வருகிறவருக்கு மட்டும் அந்த அறிவை மறந்துபோகிறோம். அவர் தாங்கிக்கொள்வார் என்ற கணக்குதான் காரணம்.

நேராகச் சொல்வது பண்பாட்டுக்கு விரோதம் என்பதும் சரியில்லை. புறநானூற்றில் 196ஆம் பாட்டு ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நோக்கிப் பாடியது. பரிசிலை நீட்டித்த மன்னனிடம் புலவர் நியாயம் கேட்கிறார். முடிந்ததைத் தருவதும், முடியாததை முடியாது என்று சொல்வதும் இரண்டுமே நட்பின் பாற்பட்டவை என்கிறார். முடியாததை முடியும் என்பதும், முடிவதை இல்லை என்பதும் கேட்டவரை நோகடித்து, கொடுப்பவரின் புகழையும் குறைக்கும் என்கிறார். வந்து கேட்டு வாழ்ந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த சொல் அது. அவர் வேண்டியது இனிமையான மறுப்பை அல்ல, காலத்தில் வரும் தெளிவான மறுப்பை.

அப்படியானால் சிரிப்புக்கு மறுப்பில் இடமே இல்லையா? உண்டு. கேட்டவரே பாதி விளையாட்டாகக் கேட்டால் விளையாட்டாகவே மறுக்கலாம். “என்ன மொதலாளி, கடைய எம்பேருக்கு எழுதி வச்சிருங்க” என்று ஒருவர் சொன்னால், “எழுதிடுறேன், பேங்க் கடனையும் சேர்த்து எழுதிக்கிறீங்களா?” என்பது சரியான பதில். ஏதும் கேட்கப்படவில்லை, ஏதும் மறுக்கப்படவில்லை என்று இருவரும் வைத்துக்கொள்ளலாம். இக்கட்டில் கேட்பவரிடமும், வரிசை சரியாக இருந்தால் சிரிப்பு உதவும். முதலில் பதில், பிறகு காரணம், கடைசியில் வேண்டுமானால் வேடிக்கை. அதுவும் தன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்தப் பெரியவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், அவர் குரல் அளவுக்கே குரலைத் தாழ்த்தி இப்படிச் சொல்லியிருக்கலாம்: “மாமா, இந்தப் பட்டம் கடனுக்குத் தர முடியல. டீலருக்கு ரொக்கம் கட்டித்தான் லோடு எடுத்திருக்கேன். டிஏபிக்கு மட்டும் பாதி கையில இருந்தா இன்னிக்கே எடுத்துக்கங்க, மீதிய பத்து நாள்ல கொடுங்க. அதுவும் தோதுப்படலேன்னா சங்கத்துல கேட்டுப்பாருங்க. என்னப் பாருங்க, உரக்கடைக்காரன்னுதான் பேரு, என் வயலுக்கே உரம் வாங்கக் காசில்ல.” கடைசி வாக்கியத்தில் சிரிப்பு இருக்கிறது. அது சொன்னவரைப் பார்த்து இருக்கிறது. பெரியவர் “உங்களுக்கே அப்படின்னா சரி” என்று பதிலுக்கு ஒன்று சொல்லவும் அதில் இடமிருக்கிறது. முக்கியமாக, வேடிக்கை வருவதற்குள் அவருக்கு வேண்டிய விவரம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது.

‘சிரிச்சுச் சொல்லி அனுப்பு’ என்று இளையவர்களுக்கு இனிச் சொல்லாதீர்கள். கேட்பவர் எந்தக் குரலில் கேட்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்துக் கேட்டால் சிரித்து மறுக்கட்டும். கூட்டம் கலையக் காத்திருந்து தணிந்த குரலில் கேட்டால், தணிந்த குரலில், நேராக, அன்றைக்கே, ‘முடியாது’ என்று சொல்லட்டும். திருப்பிக் கேலி செய்ய முடியாதவரிடம் செய்யும் கேலி மறுப்பைக் குறைப்பதில்லை. அதன்மேல் ஒரு அவமானத்தையும் ஏற்றி அனுப்புகிறது.